எம்.டி.யின் பி.ஏ. இரண்டு முறை மறுத்துவிட்டாரா? மூன்றாவது முறை கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஓரளவு பெரிய கம்பெனியின் எம்.டி.யைப் பார்க்க நேரம் கேட்கிறீர்கள். அவருடைய பி.ஏ. ஒரு முறை மறுக்கிறார். சில வாரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் மறுக்கிறார். இந்த இடத்தில் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் எம்.டி.க்குத் தெரிந்த யாரையாவது பிடித்து, பி.ஏ.வைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். இரண்டுமே அவசரம். மூன்றாவது முறை கேட்க இடம் உண்டு, ஆனால் அதே கோரிக்கையை அதே மாதிரி கேட்கக் கூடாது.

நான் மதுரையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் எம்.டி.யின் பி.ஏ.வாகப் பல வருஷம் வேலை பார்த்தவள். கோரிக்கைகளை மறுப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. மறுத்த பிறகும் சிலருக்காக நானே உள்ளே போய்ப் பேசியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பி.ஏ. என்றால் கதவை மூடி வைத்திருக்கிறவர் என்ற எண்ணம் இருக்கும். நடைமுறை அப்படி இல்லை. என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். அன்றைக்கு யார் யார் நேரம் கேட்டார்கள் என்று அதில் ஆளுக்கு ஒரு வரி எழுதுவேன். சாயங்காலம் ஆறு மணி வாக்கில், சார் கிளம்புவதற்கு முன், அந்த நோட்டோடு உள்ளே போவேன். கிடைப்பது ஐந்து நிமிஷம். சில நாள் அதுவும் கிடைக்காது, சார் லிஃப்டுக்கு நடக்கும்போது கூடவே நடந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் படிப்பேன். அவர் "சரி", "வேண்டாம்", "பர்ச்சேஸைப் பார்க்கச் சொல்லு", "அப்புறம் பார்க்கலாம்" என்று ஏதாவது ஒன்று சொல்வார்.

உங்கள் இரண்டு பக்க மெயில், பதினைந்து வருஷ அனுபவம், கம்பெனி புரொஃபைல் எல்லாம் அந்த நேரத்தில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அந்த வரியை நீங்கள் எழுதித் தரவில்லை என்றால் பி.ஏ. எழுதுவார். "மோல்டு செய்றவங்க, அரை மணி நேரம் கேக்குறாங்க" என்றுதான் எழுத முடியும், ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு எந்த எம்.டி.யும் சரி சொல்ல மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நான் உள்ளே அனுப்பும் ஆள் சரியில்லை என்றால், சார் அவரிடம் எதுவும் சொல்ல மாட்டார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவரை ஏன் உள்ள விட்ட?" என்பார். அதனால் பி.ஏ. ஒருவருக்காக உள்ளே பேசுகிறார் என்றால், தன் பெயரை வைத்துத்தான் பேசுகிறார். உங்கள் மூன்றாவது கோரிக்கை அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க வேண்டும்.

படி 1: இரண்டு மறுப்பையும் வார்த்தை மாறாமல் எழுதிப் பாருங்கள்

"பிசின்னு சொல்லிட்டாங்க" என்று ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. அவர் சொன்ன வார்த்தையே வேண்டும், ஏனென்றால் மறுப்பின் வகை அதில்தான் இருக்கிறது.

"இந்த மாசம் சார் ஊர்லயே இல்லைங்க", "ஆடிட் முடியட்டும்" என்பது நேரத்துக்கான மறுப்பு. கோரிக்கை இன்னும் உள்ளேயே போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். "பர்ச்சேஸ் ஹெட்டைப் பாருங்க", "எச்.ஆர்.கிட்ட கொடுங்க" என்பது வழிக்கான மறுப்பு. விஷயம் கேட்கத் தகுந்ததுதான், ஆனால் எம்.டி.யிடம் கேட்க வேண்டியது இல்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். "சார் பார்த்துட்டார், இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டார்" என்பது விஷயத்துக்கே மறுப்பு. இது எம்.டி.யின் பதில், பி.ஏ.வின் பதில் இல்லை.

"சொல்லிட்டார்" என்ற சொல் வருகிறதா என்று கவனியுங்கள். அது இல்லாமல் "பார்க்கிறதில்லைங்க", "முடியாதுங்க" என்று பொதுவாக வந்தால், அநேகமாகப் பி.ஏ.வே முடிவெடுத்திருக்கிறார். இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், கண்ணியத்துக்காக மழுப்பிச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இரண்டு மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். முதலாவது நேரம், இரண்டாவது வழி என்று வகை மாறியிருந்தால் அது நல்ல சேதி. நடுவில் யாரோ உங்கள் கோரிக்கையைப் படித்திருக்கிறார்கள்.

இரண்டுமே "வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று வந்திருந்தால், உங்கள் பக்கத்தில் புதிதாக ஏதாவது நடக்கும்வரை மூன்றாவது முறை கேட்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழே "மூன்றாவதும் மறுப்பு என்றால்" என்ற பகுதி மட்டும் போதும்.

படி 2: அன்றைக்கே ஒரு நன்றி, அப்புறம் இடைவெளி

இரண்டாவது மறுப்பு வந்த அன்றே இரண்டு வரி பதில் போடுங்கள். "கேட்டுச் சொன்னதற்கு நன்றி மேடம். நீங்கள் சொன்னபடி பர்ச்சேஸில் பார்க்கிறோம்." அதோடு நிறுத்த வேண்டும். "இருந்தாலும் ஒரு பத்து நிமிஷம் மட்டும்" என்று அடியில் ஒட்டினால், நன்றி சொன்னதே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். மறுப்புக்கு நன்றி சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால் பெயர் மனதில் நிற்கும்.

அடுத்து எவ்வளவு நாள் விடுவது? அவர் ஒரு காலம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. "மே மாசம் பார்க்கலாம்" என்றால் ஏப்ரல் 28-ல் கூப்பிடக் கூடாது. எதுவும் சொல்லவில்லை என்றால் மூன்று வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

பிறகு அந்த அலுவலகத்தின் காலண்டரைப் பாருங்கள். மார்ச் கடைசி இரண்டு வாரம் எந்தக் கம்பெனியிலும் புது விஷயம் ஏறாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் காலாண்டுக் கணக்கை 45 நாளுக்குள்ளும், ஆண்டுக் கணக்கை 60 நாளுக்குள்ளும் வெளியிட வேண்டும். போர்டு மீட்டிங் அதற்கு முன்பே நடக்கும். அந்த வாரத்தில் பி.ஏ.வின் மேஜையில் அது ஒன்றுதான் இருக்கும். ஆண்டுப் பொதுக்குழு பெரும்பாலும் செப்டம்பர் 30-க்குள் முடிய வேண்டும் என்பதால் அந்த மாதமும் நெருக்கடிதான். நம் ஊருக்கென்று சித்திரைத் திருவிழா இருக்கிறது. மீனாட்சி கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் நாள்வரை பாதிப் பேர் லீவில் இருப்பார்கள், மீதிப் பேர் வெளியூரிலிருந்து வரும் விருந்தினர்களுக்குத் தரிசன ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். அந்த ஏற்பாட்டு வேலையும் பி.ஏ. தலையில்தான் விழும். தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் பேச்சு. இந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

படி 3: கேட்பதையே மாற்றுங்கள்

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கப்பலூர் தொழிற்பேட்டையில் மோல்டு பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் பாகங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் எம்.டி.யைப் பார்க்க விரும்புகிறார். ரப்பர் மோல்டில் ஓட்டம் ஆக ஆகக் கசடு படியும், பிரஸ் மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இவர் செய்யும் மோல்டுக்கு அந்த நிறுத்தம் குறையும் என்பது இவருடைய நம்பிக்கை. அதை நிரூபிக்க ஒரு பிரஸில் ஒரு ஷிப்ட் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மார்ச் முதல் வாரத்தில், "எங்கள் நிறுவனத்தை அறிமுகப்படுத்திக்கொள்ள அரை மணி நேரம் வேண்டும்" என்று மெயில் போட்டார். "இயர் எண்ட் முடியட்டும் சார், இப்ப யாரையும் பார்க்கிறதில்லை" என்று பதில் வந்தது. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் அதே மெயிலை ஃபார்வர்டு செய்து, "எப்போது வேண்டுமானாலும் வருகிறோம்" என்று சேர்த்தார். "சார் பர்ச்சேஸ் ஹெட்டைப் பார்க்கச் சொல்லிட்டார்" என்றார் பி.ஏ.

முதலாவது நேரம், இரண்டாவது வழி. அப்படியென்றால் அடுத்து அவர் போக வேண்டிய இடம் பி.ஏ. இல்லை, பர்ச்சேஸ். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "பர்ச்சேஸ்ல போனா விலையைத்தான் பேசுவாங்க" என்று சொல்லி அந்தப் பக்கமே போகாமல், மறுபடியும் பி.ஏ.விடம் வந்து நிற்பார்கள். சொன்ன வழியில் போகாதவருக்காகப் பி.ஏ. எப்படி உள்ளே பேசுவார்? பேசினால் சார் கேட்கும் முதல் கேள்வியே "பர்ச்சேஸ்ல பார்த்தாச்சா?" என்பதுதான்.

நம் பட்டறைக்காரர் போகிறார். பர்ச்சேஸ் ஹெட் மரியாதையாகப் பேசுகிறார், சாம்பிளைப் பார்க்கிறார். கடைசியில், "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடுற பிரஸை ஒரு ஷிப்ட் நிறுத்தி ட்ரையல் பார்க்க நான் சொல்ல முடியாதுங்க. அது மேல இருந்து வரணும்" என்கிறார். பட்டறைக்காரர் அங்கேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அப்ப இதை நீங்க சொன்னதாவே எம்.டி. ஆபீஸ்ல சொல்லிக்கலாமா சார்?" அவர் சரி என்றால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். கேட்காமல் பயன்படுத்தினால், பி.ஏ. இன்டர்காமில் ஒரு நிமிஷத்தில் விசாரித்துவிடுவார்.

இப்போது மே கடைசி. திருவிழா முடிந்துவிட்டது, ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது. மூன்றாவது கோரிக்கை இப்படிப் போகிறது. அலுவலக வழக்கம் ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இதுதான்:

"வணக்கம் மேடம். ஏப்ரலில் நீங்கள் சொன்னபடி பர்ச்சேஸ் ஹெட்டைச் சந்தித்தோம். சாம்பிள் பார்த்தார். ஒரு பிரஸில் ஒரு ஷிப்ட் ட்ரையல் ஓட்ட மேலிருந்து அனுமதி வேண்டும் என்றார், அவர் சொன்னதாக உங்களிடம் சொல்லவும் சம்மதித்தார். சாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: *கப்பலூர் மோல்டு பட்டறை, பர்ச்சேஸ் பார்த்துவிட்டது, ஒரு ஷிப்ட் ட்ரையலுக்கு அனுமதி கேட்கிறார்கள், மோல்டு செலவு அவர்களுடையது.* சார் சந்திக்க வேண்டிய அவசியம் இல்லை. பிளான்ட் ஹெட்டைப் பார்க்கச் சொன்னாலும் எங்களுக்குப் போதும். ஜூன் இரண்டாவது வாரத்துக்குள் தெரிந்தால் நல்லது. இப்போது சரியான நேரம் இல்லை என்றால் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்."

இதில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். பி.ஏ. சொன்னது நடந்துவிட்டது என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. நோட்டில் எழுத வேண்டிய வரி தயாராக இருக்கிறது, அதை அப்படியே படித்தால் போதும். அரை மணி நேரம் என்பது "சரி" அல்லது "வேண்டாம்" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கியிருக்கிறது. எம்.டி. இல்லாமலே முடிகிற ஒரு வழியும் இருக்கிறது, அதனால் பி.ஏ. சாரின் நேரத்தைச் செலவழிக்காமலே உதவ முடியும். மறுக்கவும் அவருக்குச் சங்கடமில்லாத ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இப்படி ஒரு மெயில் வந்தால் நான் அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிடுவேன். "பிளான்ட் ஹெட் பார்க்கட்டும்" என்று சார் சொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எம்.டி.யைப் பார்க்கவில்லையே என்று பட்டறைக்காரர் வருத்தப்பட வேண்டியதில்லை. அவருக்குத் தேவை ஒரு ஷிப்ட், அது கிடைக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

உங்கள் விஷயம் வேறாக இருக்கலாம். கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைப்பதாக இருந்தால், மேடையில் பேசுவதற்குப் பதிலாக வாழ்த்துக் கடிதம் கேட்கலாம். வேலை விஷயமாக இருந்தால் சந்திப்புக்குப் பதில், யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது என்று கேட்கலாம். கோரிக்கை சிறிதாக வேண்டும், அல்லது வேறு ஆளிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக ஒரு விவரம் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் மெயிலை அனுப்பாதீர்கள்.

படி 4: போன்

மெயில் போட்டு மூன்று வேலை நாள் ஆன பிறகு ஒரே ஒரு முறை கூப்பிடலாம். திங்கட்கிழமை காலை வேண்டாம், அன்றைக்கு வாராந்திர ரிவ்யூ இருக்கும். செவ்வாய் முதல் வியாழன்வரை, காலை 11 மணிக்கு மேல் அல்லது மதியம் மூன்றரைக்கு மேல் கூப்பிட்டால் பேச முடியும். ஆறு மணியை நெருங்கிக் கூப்பிட்டால் அவர் நோட்டோடு உள்ளே போகத் தயாராகிக்கொண்டிருப்பார்.

லேண்ட்லைனில் கூப்பிடுங்கள். செல் நம்பர் எப்படியோ கிடைத்திருந்தாலும், அவராகக் கொடுக்காதவரை அதில் கூப்பிடக் கூடாது. பேச்சு இவ்வளவுதான்:

"வணக்கம் மேடம், கப்பலூர் மோல்டு பட்டறையிலிருந்து பேசுறேன். ஒரு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"திங்கட்கிழமை ஒரு மெயில் போட்டிருந்தோம், ட்ரையல் விஷயமா. சார்கிட்ட கேட்டீங்களான்னு கேட்கலை மேடம். மெயில் உங்களுக்கு வந்துச்சா, வேற ஏதாவது விவரம் வேணுமான்னு மட்டும் கேட்கத்தான் கூப்பிட்டேன்."

நடுவில் உள்ள அந்த வரி முக்கியம். "சார்கிட்ட கேட்டீங்களா?" என்றால் அவர் வேலையைக் கணக்குக் கேட்பது மாதிரி ஆகிவிடும். "விவரம் வேணுமா?" என்றால் அவருக்குத் தெரியாத ஏதாவது இருந்தால் கேட்டுக்கொள்வார். "மோல்டு செலவு உங்களுதுன்னா, பிரஸ் நிக்கிற நேரம் யாரு கணக்கு?" என்று ஒரு பி.ஏ. திருப்பிக் கேட்டால், அவர் உங்கள் வரியை உள்ளே எடுத்துப் போகத் தயாராகிறார் என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

குரலில் அவசரமோ எரிச்சலோ தெரிந்தால், "இப்ப வேலையா இருக்கீங்க போல, நான் வச்சிடுறேன் மேடம்" என்று நீங்களே முடித்துவிடுங்கள். "மேடம்" என்பதே போதும். நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டாவது போனிலேயே "அக்கா" என்று ஆரம்பித்துவிடுகிறவர்கள் உண்டு. முகம் பார்த்துப் பழகாதவரை அது உரிமை எடுத்துக்கொள்வதாகத்தான் தெரியும்.

உறவு எங்கே முறியும்

எம்.டி.யை சிசி-யில் போடுவது முதல் தவறு. அடுத்தது, முன் அறிவிப்பில்லாமல் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு" என்பது. ரிசப்ஷனிலிருந்து போன் வரும்போது பி.ஏ.வுக்கு வரும் கோபம் எளிதில் போகாது. நம்பரை மாற்றிக் கூப்பிடுவது, தன் ஆபீஸில் வேறு ஆளை விட்டு அதே விஷயத்தைக் கேட்பது, வாட்ஸ்அப்பில் தினமும் "குட் மார்னிங்" அனுப்புவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

ஸ்வீட் பாக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது எதையும் கொடுக்காதீர்கள், அரை கிலோ அல்வாவாக இருந்தாலும் சரி. வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொண்டு வேலை செய்ததாகப் பேச்சு வரும், மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். எப்படிப் பார்த்தாலும் அவருக்குத்தான் சங்கடம்.

எம்.டி.யையே நேரில் பார்த்துவிட்டால்

மதுரையில் இது சாதாரணமாக நடக்கும். ஒரு கல்யாண மண்டபத்திலோ, மடீட்சியா தொழில் சங்கக் கூட்டத்திலோ எம்.டி.யே எதிரில் வருவார். நீங்கள் அறிமுகம் செய்துகொள்கிறீர்கள், அவரும் நல்ல மனநிலையில் "ஆபீஸ்க்கு வாங்களேன், பேசலாம்" என்கிறார். மறுநாள் பி.ஏ.வுக்குப் போன் போட்டு, "சாரே வரச் சொல்லிட்டார்" என்று சொன்னால் ஜெயித்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும். அவருக்கோ, அவரைத் தாண்டிப் போனதாகத்தான் கேட்கும். சாரிடம் போய், "இவரை வரச் சொன்னீங்களா?" என்று கேட்பார். மண்டபத்தில் பத்துப் பேரிடம் அதையே சொன்ன எம்.டி.க்கு ஞாபகம் இருக்காது.

அந்த இடத்திலேயே எம்.டி.யிடம், "உங்க ஆபீஸ்ல மேடம்கிட்ட ஏற்கெனவே பேசிட்டிருக்கோம் சார், அவங்க மூலமாவே வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் பி.ஏ.விடம், "நேத்து ஒரு கல்யாணத்துல சாரைப் பார்த்தோம், பொதுவா வரச் சொன்னார். உங்ககிட்ட பேசிட்டிருக்கோம்னு சொல்லியிருக்கோம். அவசரம் இல்லை மேடம், எப்ப சரிப்படும்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று தெரிவியுங்கள். எனக்கு இப்படிச் சொன்னவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுப்பதில் எனக்கே ஒரு சந்தோஷம் இருந்தது.

மூன்றாவதும் மறுப்பு என்றால்

அப்போது சந்திப்பைக் கேட்கக் கூடாது, ஒரு தகவலை மட்டும் கேட்கலாம். "நன்றி மேடம். பிற்பாடு எப்பவாவது இதைக் கேட்கிறது சரியா இருக்குமா, இல்ல இது வேண்டாம்னே எடுத்துக்கலாமா? எதுவா இருந்தாலும் தப்பா எடுத்துக்க மாட்டோம்." நேராகக் கேட்டால் பெரும்பாலான பி.ஏ.க்கள் நேராகவே சொல்வார்கள். "அடுத்த வருஷ பட்ஜெட் டிசம்பர்ல போடுவாங்க, அப்ப கேளுங்க" என்று வந்தால் அதுதான் அடுத்த தேதி. "வேண்டாம்னு எடுத்துக்கோங்க" என்று வந்தால் ஆறு மாதத்துக்கு அந்த விஷயத்தை எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும், உங்கள் பக்கத்தில் புதிதாக ஒன்று நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நம் பட்டறைக்காரர் வேறொரு கம்பெனியில் ட்ரையல் ஓட்டி, அந்த ரிசல்ட் கையில் இருந்தால் அது புது விஷயம். புது பிரவுச்சர் அச்சடித்தது புது விஷயம் ஆகாது.

நேரம் கிடைத்துவிட்டால்

பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தால் எட்டாவது நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். எம்.டி. பேச்சை நீட்டினால் அது அவர் விருப்பம். வெளியே வந்ததும் நேராக லிஃப்டுக்குப் போகாமல் பி.ஏ. மேஜையில் நின்று, சார் என்ன சொன்னார், அடுத்து யாரைப் பார்க்கச் சொன்னார், எப்போதைக்குள் என்று மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த விவரத்தை எம்.டி. அவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு. ஒரு வாரம் கழித்துப் பிளான்ட் ஹெட்டை நினைவூட்ட வேண்டியவர் அவர்தான்.